அடுத்த கடை ஸ்கேன் அட்டை

பி.காம் மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். தெருவோர வியாபாரிகளும் சின்னக் கடைக்காரர்களும் போனில் பணம் வாங்குகிறார்களா, வாங்கினால் எப்படி, வாங்காவிட்டால் ஏன் என்று அறுபது பேரிடம் கேட்டு எழுத வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். என்னோடு சேர்ந்தவள் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள், தெருவில் இறங்கினால் யாரோடும் பேசிவிடுவாள். நான் நேர் எதிர். எங்களுக்கு வந்த இடம் சின்ன காஞ்சிபுரம், பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்கள். நான் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் அவள் யாராவது ஒருவரிடம் பேச ஆரம்பித்திருப்பாள்.

கேள்வித்தாள் இங்கிலீஷில் இருந்தது. அதை அப்போதைக்கப்போது தமிழாக்கிக் கேட்போம். கோயில் தெரு முனையில் கூடை வைத்துப் பூ விற்கும் ஒரு அம்மாவிடம், "நீங்க எந்த அளவுக்குத் திருப்தியா இருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் மல்லி தொடுப்பதை நிறுத்தாமலேயே, "எதுல? மொத்தத்துலயா?" என்றார். என் தோழி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அதன் பிறகு பேச்சு சுலபமானது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பூக்கூடைக்கு முன்னால் ஒரு பலகையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. நான் கேள்வித்தாளில் 'உபயோகிக்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அப்போது ஒரு ஆள் இரண்டு முழம் வாங்கி, போனை நீட்டி ஸ்கேன் செய்தார். பக்கத்துப் பூஜை சாமான் கடைக்குள்ளிருந்து, பணம் வந்ததும் சொல்லும் பெட்டியின் சத்தம் வந்தது: "ரூபாய் எண்பது பெறப்பட்டது." பூக்கார அம்மா, "அண்ணா, என்னுது!" என்று கையைத் தூக்கினார். கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையாட்டி, ஒரு நோட்டில் தொகையைக் குறித்துக்கொண்டார்.

அட்டை அவருடையதே இல்லை. பூஜை சாமான் கடைக்காரரின் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகும். சாயங்காலம் கடை மூடும்போது குறித்ததைக் கூட்டி அவர் பூக்கார அம்மாவுக்கு ரொக்கமாகக் கொடுப்பார். இரண்டு வருஷமாக இப்படித்தானாம்.

"உங்களுக்கு பேங்க்ல கணக்கு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குது. கவருமென்டு போடுற காசு வருது. ஆனா அதுல குடுத்த போன் நம்பரு தொலைஞ்சிபோச்சி. இப்ப வேற நம்பரு. அந்த ஓடிபி-ன்றாங்களே, அது எங்க போய் விழுதோ தெரியல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுல பூ வித்த காசும் வந்துக்கினு இருந்தா, இந்தம்மா வசதியானவங்கன்னு கவருமென்டு காசை நிறுத்திடுவாங்கன்னு சொல்றாங்கமா."

அடுத்து பூஜை சாமான் கடைக்காரரைக் கேட்டோம். ஐம்பது தாண்டியவர். கற்பூரம், விளக்குத் திரி, துளசி மணி, பித்தளை விளக்கு எல்லாம் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குள் வைத்திருந்தார். பதினான்காவது கேள்வி: 'டிஜிட்டல் பணப் பரிவர்த்தனை பாதுகாப்பானது என்று கருதுகிறீர்களா?' அவர் பதில் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டார். "நீ காமர்ஸ் படிக்கிற பொண்ணு. நீ சொல்லுமா. பயமில்லையே?"

பதில் சொல்லக்கூடாது, கேட்பது மட்டுமே எங்கள் வேலை என்று வகுப்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கோ யாராவது என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. "பயமே இல்லண்ணா. பின் நம்பரை யாருக்கும் சொல்லாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் திருப்தியாக, "அப்ப 'ஆமா'ன்னு போட்டுக்கோ" என்றார்.

மூன்று வாரம் கழித்து, விட்டுப்போன இரண்டு கேள்விகளுக்காக மறுபடியும் போனோம். புரட்டாசி சனிக்கிழமை முடிந்த மறு புதன். பூக்கூடைக்கு முன்னால் பலகை காலியாக இருந்தது. கடையில் அட்டையின் மேல் ஒரு காலண்டர் தாளை ஒட்டி மறைத்திருந்தார்கள். பூக்கார அம்மாவும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்ததைப் பூக்கார அம்மாதான் சொன்னார். சனிக்கிழமை நல்ல கூட்டம். பூ விற்ற காசில் பாதிக்கு மேல் ஸ்கேனில் வந்துவிட்டது, மூவாயிரத்துச் சொச்சம். கடைக்காரரிடம் அவ்வளவு ரொக்கம் இல்லை. திங்கட்கிழமை ஏடிஎம்மில் எடுத்துத் தருகிறேன் என்றார். திங்கட்கிழமை ஏடிஎம் பணம் தரவில்லை. வங்கிக்குப் போனால், கணக்கை முடக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே பணம் போகும், வெளியே வராது. வேறு மாநிலத்து சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதாம்.

"நான் என்ன குத்தம் பண்ணேன்?" என்று உள்ளிருந்து கடைக்காரர் குரல் வந்தது. அவர் எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். "சாமி கும்பிட வந்த ஆளு மாதிரிதான் இருந்தான். முந்நூறு ரூபா சாமான் வாங்கினான். ரெண்டாயிரம் ஸ்கேன் பண்றேன், மீதி ரொக்கமா குடுங்க, வேனுக்குக் குடுக்கணும்னான். பெட்டி சத்தம் போட்டுச்சி, காசு வந்துடுச்சி. குடுத்தேன். எவன்கிட்டயோ ஏமாத்தின காசாம் அது. பறிகொடுத்தவன் புகார் குடுத்திருக்கான். அந்தக் காசு எங்கெங்க போச்சோ அந்தக் கணக்கையெல்லாம் கட்டிப்போட்டுட்டாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "பின் நம்பரை நான் யாருக்கும் சொல்லலையேமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. உண்மையாகவே விளக்கம் கேட்டார்.

பூக்கார அம்மாவுக்கு அதைவிட அவசரம் இருந்தது. விடியற்காலையில் மார்க்கெட்டில் பூ எடுக்கக் கையில் காசு வேண்டும். திங்கட்கிழமை கோபத்தில், "எம்பூவு காசை போலீசுல குடுத்துட்டு ஒக்காந்திருக்கியேண்ணா" என்று சொல்லிவிட்டாராம். கடைக்காரர் அன்றே கல்லாவில் இருந்ததை வழித்துக் கொடுத்திருக்கிறார். ஆயிரத்து இருநூறு. அதிலிருந்து பேச்சு இல்லை.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் என் தோழி கேட்டாள். "இப்ப என்ன பண்றது?"

"நாம சர்வே எடுக்க வந்தவங்கடி."

"நீ அப்பவே சர்வேயை விட்டுட்டுப் பதில் சொல்லிட்டே. மீதியையும் பண்ணு."

மறுநாள் மதியம் கல்லூரியை விட்டு, கடைக்காரரோடு வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் எங்களை மூன்று தடவை உட்கார வைத்தார். ஆனால் கடைசியில் பொறுமையாகச் சொன்னார்: "முடக்கத்தை நாங்களா எடுக்க முடியாது. புகார் எண் தர்றேன், எந்த ஸ்டேஷன்னு தர்றேன். அவங்களுக்கு எழுதுங்க. சந்தேகப்படுற தொகையை மட்டும் நிறுத்தி வெச்சிட்டு மீதியை விடச் சொல்லிக் கேளுங்க. நகலை எங்களுக்கும் குடுங்க."

சந்தேகத் தொகையை மட்டும் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். கடைக்குள் உட்கார்ந்து, என் தோழி போனிலேயே இங்கிலீஷில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். மாநகராட்சி கொடுத்த வியாபாரி அட்டை, ஆதார், மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், கடைக்கு முன்னால் அவர் நிற்கும் படம் எல்லாவற்றையும் சேர்த்தோம். படம் எடுக்கும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சிரிக்கலாமா?" என்று கேட்டார். சிரிக்க வேண்டாம் என்று இருவருமே சேர்ந்து சொன்னோம்.

பூக்கார அம்மா இதையெல்லாம் கூடைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டார். "என் கணக்குல அந்தப் போன் நம்பரை மாத்த முடியுமாமா?"

முடிந்தது. அவர் கணக்கும் அதே வங்கியில்தான். விண்ணப்பம், ஆதார் நகல், கைரேகை, நான்கு நாள் காத்திருப்பு. அரசு காசு நின்றுவிடுமா என்று அவரே கவுண்டரில் கேட்டார். விற்ற காசு கணக்கில் வருவதால் மட்டும் அப்படி நிறுத்துவதாகத் தனக்குத் தெரியவில்லை என்று சொன்ன அந்தப் பெண், "சந்தேகமா இருந்தா தாலுக்கா ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார். என்னிடம் கேட்டிருந்தால் நான் இந்தத் தடவை வாயைத் திறந்திருக்க மாட்டேன். பூக்கார அம்மா தாலுக்கா ஆபீஸுக்கும் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தார். வங்கியிலேயே அவர் பெயரில் க்யூஆர் அட்டை கொடுத்தார்கள். சத்தம் போடும் பெட்டிக்கு மாச வாடகை உண்டு என்றதும், "பேசறதுக்கு வாடகையா? வேணாம்" என்று விட்டார். பட்டன் போனில் வரும் குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்வார்.

அட்டை வந்த அன்று நாங்களும் அங்கே இருந்தோம். பலகையில் ஒட்டியாயிற்று. சற்று நேரத்தில் பூஜை சாமான் கடையில் ஒரு குடும்பம் விளக்கு ஒன்றை எடுத்தது. ஸ்கேன் இல்லையா, அப்ப வேணாம் என்று வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அன்றைக்கு அது மூன்றாவதோ நான்காவதோ. கடைக்காரர் விளக்கை எடுத்து உள்ளே வைக்கப் போனார்.

"இங்க ஸ்கேன் பண்ணுங்க சார்," என்று பூக்கார அம்மா பலகையைத் தூக்கிக் காட்டினார். போன் அதிர்ந்தது. எண்ணைப் பார்த்தார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணி, நடந்து போய்க் கடை மேஜையில் வைத்தார். "நானூத்தம்பது. சரியா இருக்குதாண்ணா?" கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. கடைக்காரர் எண்ணவில்லை. "சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரிக்கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

பதிலே வராத மின்னஞ்சலை என் தோழி வாரம் ஒருமுறை திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஏழாவது வாரம் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதிக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அந்த இரண்டாயிரம் எனக்குத் தெரிந்தவரை இன்னும் வரவில்லை. பூக்கார அம்மாவின் பாக்கியைக் கடைக்காரர் அன்றைக்கே கொடுத்துவிட்டார். பிறகு வேறொரு வங்கியில் புதுக் கணக்கு ஆரம்பித்து, ஸ்கேன் அட்டையை அதற்கு மாற்றினார். அதில் சேரும் பணத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்துவிடுவார். ஸ்கேன் செய்துவிட்டு ரொக்கம் கேட்பவர்களுக்கு, கைகூப்பி, இல்லை என்று சொல்லிவிடுவார். கேட்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், அவர்கள் முகம் வாடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றார்.

எங்கள் ப்ராஜெக்டுக்குச் சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. கேள்விக்கு வெளியே நிறைய எழுதியிருப்பதாக ஓரத்தில் சிவப்பில் குறிப்பு. நான் இப்போது ஊரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். சின்னக் கடைக்காரர்கள் நோட்டோடு வருவார்கள். "இது பயமில்லையே மேடம்?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்வதில்லை. நாற்காலியைக் காட்டி, "என்ன நடந்ததுன்னு முதல்ல சொல்லுங்க" என்பேன்.