எழுத்தோடு ஒரு காட்சி

தியேட்டர் மேனேஜர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் எந்த மின்னஞ்சலையும் பதில் போடாமல் விட்டதில்லை. அந்தப் பெருமையில்தான் ஒரு மகளின் மின்னஞ்சல் மண்ணைப் போட்டது.

“என் அப்பாவுக்குக் காது கேட்காது. மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான். திரையில் எழுத்து வரும் காட்சி உண்டா, எந்த இருக்கை வசதி என்று கேட்டேன். முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்பா நன்றாக நடப்பார். படத்தில் யாராவது முதுகைத் திருப்பினால் அவருக்குக் கதையே அறுந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமையோடு படம் மாறுகிறதாமே?”

ஊனம் என்று எது வந்தாலும் எல்லோருக்கும் அனுப்பும் தயார் பதில் அது. எழுதி வைத்தவளே அவள்தான்.

ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போய் அங்கிருந்த ஸ்பீக்கரை மட்டும் அணைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் நாயகி வாயசைத்தாள். அரங்கமே குலுங்கிச் சிரித்தது, சத்தமில்லாமல். வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்குக் கணவனின் வாய் வெறுமனே அசைவதாகவே தோன்றியது.

“எழுத்து வர்ற படம் நமக்கு அனுப்புறதே இல்லையா?” என்று மறுநாள் கேட்டாள்.

“சர்வர்லயே கிடக்கு மேடம். அதைத் திறக்கத் தனியா டிஜிட்டல் சாவி வேணும், விநியோகஸ்தர் மெயில்ல அனுப்புவார். யாரும் கேட்டதில்ல, நானும் வாங்கல” என்றார் ஆபரேட்டர்.

முதலாளி முகம் சுளித்தார். “எழுத்து ஓடினா மத்தவங்க கத்துவாங்கம்மா. வேணும்னா காலைக் காட்சில போடு, யாரும் வரமாட்டாங்க.”

“யாரும் வராத நேரத்துலதான் அவங்க வரணுமா சார்? அவங்க தர்றது மட்டும் பாதி டிக்கெட்டா?”

“உன்கிட்ட வாய் குடுத்து மீள முடியுமா? வியாழன் சாயங்காலம், ஒரே ஒரு ஷோ. கல்லெறிஞ்சா நீயே வாங்கிக்கோ.”

டிக்கெட் விற்கும் பக்கத்தில் ‘எழுத்துடன்’ என்று போடச் சொன்னாள். அந்த மகளுக்குப் பதிலைப் புதிதாக எழுதினாள்: முன்வரிசை வேண்டாம், கழுத்து ஒடியும், நடுவுக்குச் சற்றுப் பின்னால், முன்னிருப்பவர் தலை அடிவரியை மறைக்காத இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

சாவி வந்தது. வியாழன் மாலை ஆபரேட்டர் அதை ஏற்றி, எழுத்துள்ள பிரதியையே தேர்ந்தெடுத்தாரா என்று அவள் கூடவே நின்று பார்த்தாள். பிறகு கீழே இறங்கி, அரங்கின் பின்சுவரோரம் நின்றாள்.

திரையில் எழுத்து வந்தது. நடிகர் வாக்கியத்தை முடிப்பதற்குள், ஒதுக்கிய இருக்கையில் மகளோடு இருந்த அப்பா வெடித்துச் சிரித்தார். ஊர் சிரிக்குமுன் தனியாக, அடக்கமே இல்லாமல்.

“ஷ்ஷ்! என்னய்யா அவசரம்?” என்றார் முன்னிருந்தவர். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அடுத்த வசனம். அப்பா மறுபடி முந்திக்கொண்டார். அவரோடு இடப்பக்க மூலையிலிருந்தும் ஒரு சிரிப்பு. கடைசி வரிசையில் இன்னொன்று. கதவோரம் ஒரு பெண்ணின் குரல்.

எழுத்தை நம்பி வந்த அவர்களில் யாரும் அவளுக்கு எழுதியவர்கள் இல்லை. இத்தனை வருடமாக எங்கே இருந்தார்கள்? இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தேடினாள். அடையாளம் எதுவும் தெரியவில்லை.