சனிக்கிழமை போகாத தந்தி

ஹெட்போன் ரப்பர் வியர்வையில் நனைந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுத் தேய்த்தாலும் காதை விட்டுப் போகாது.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு ஃபேக்டரியின் டெலிபோன் போர்டில் எனக்கு வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர்த் துக்கமெல்லாம் நம் காது வழியாகத்தான் போகும். தொழிலாளிக்குச் சாவுச் சேதி வந்தால் உடனே சொல்லிவிட மாட்டார்கள். மெஷினில் கை இருக்கும்போது சொன்னால் கை போய்விடும். டைம் ஆபீசில் வைத்திருந்து, சாப்பாட்டு மணி அடித்து, அவன் நாலு வாய் சாப்பிட்ட பிறகு, கூட வேலை செய்கிறவனைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்வார்கள். சனிக்கிழமை அரை நாள். சங்கு ஊதுவதற்கு முன் சேதி வராவிட்டால் திங்கள் வரை அது மேஜையிலேயே கிடக்கும்.

எல்லாருக்கும் நேரம் பார்த்துக் கொடுத்த எனக்கு என் வீட்டுச் சேதியும் வந்தது.

அம்மா ராயபுரத்தில் மீன் விற்றவள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில், "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள், ரெண்டு வாரம் தாங்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் சேவியர் பம்பாயில், கப்பல் ரிப்பேர் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தான். அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கணக்குப் போட்டு வைத்தேன். ட்ரங்க் கால் உதவாது. புக் பண்ணிவிட்டுக் காத்துக் கிடந்து லைன் கிடைத்தாலும், ஒரு ஃபிட்டரைப் போய்க் கூட்டிவந்து போனில் நிறுத்த மாட்டார்கள். தந்திதான். அதுவும் அவன் ரூமுக்கு அனுப்பினால் அந்தச் சந்துக்குள் தந்திக்காரன் தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். கம்பெனி விலாசத்துக்குத்தான் போட வேண்டும். சனிக்கிழமை காலையில் தந்தி ஆபீஸ் திறந்ததும் எக்ஸ்பிரஸ் தந்தி கொடுத்தால், அங்கே அரை நாள் முடிவதற்குள் அவன் கைக்குப் போகும். ராத்திரி மெயில் ரயிலைப் பிடித்தால் திங்கள் விடியும்போது சென்ட்ரல். ஞாயிறு அங்கே லீவு, ஆபீசில் வாங்க ஆள் கிடையாது. சனியை விட்டால் திங்கள்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் பாயிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் ரோஸு. திங்கக்கெழம அனுப்பு."

"இன்னாம்மா பேசுற? ரெண்டு நாள் வீணா பூடும்."

"சனிக்கெழம மத்தியானம் எல்லாம் அவன் அவன் வூட்டுக்குப் பூடுவான். சேதிய கையில வெச்சிகினு என் புள்ள தனியா ரூமுக்குப் போவணும். யார் கீறா அவன புடிச்சிக்க? உங்கப்பா சேதி எனக்கு எப்ப வந்துச்சு? ஞாயித்துக்கெழம. தெருவே கோயில் பூசைக்குப் போய்கீது. கதவ புடிச்சிகினு நின்னேன்டீ... அழறதுக்குக் கூட ஒரு ஆள் இல்ல. திங்கக்கெழமன்னா வேலை செய்யற எடத்துல நாலு பேரு இருப்பான்."

அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் வேலையில் இருந்தபோது இறந்தவர். அந்த நாளைப் பற்றி அம்மா பேசியது அன்றைக்குத்தான்.

நான் விடவில்லை. அழுதேன், திட்டினேன்.

"நான் இப்ப எங்கடீ போயிடப் போறேன்? டாக்டரே ரெண்டு வாரம்னு சொல்லிகீறாரு" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திங்கள் காலை தந்தி ஆபீசில் முதல் ஆளாக நின்றேன். "மதர் சீரியஸ்" என்று போட மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படி எழுதினாலே ஆள் போய்விட்டது என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள். செத்த பிறகும் அதைத்தான் அனுப்புவார்கள், வழியில் உடைந்து போகக் கூடாதென்று. அதனால் நான் எழுதினேன்... "மதர் அலைவ். ஆஸ்கிங் ஃபார் யூ. ஸ்டார்ட் டுடே."

செவ்வாய் மத்தியானம் அம்மா போய்விட்டாள். கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான்.

புதன் விடியலில் அண்ணன் தெருமுனையில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் வேகமாகத்தான் நடந்து வந்தான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நின்றான்.

"உசுரோட கீறாங்கன்னு தானே ரோஸு போட்டே?"

போட்ட அன்றைக்கு இருந்தாளே.

அடக்கம் முடிந்து அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன்.

"அம்மா சொன்னது கரீட்டு தான். தந்திய பாத்ததும் தோஸ்துங்கதான் புடிச்சிகினானுங்க. டிக்கெட் எடுத்து ரயில் ஏத்தி வுட்டதும் அவனுங்கதான்" என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம பூரா ரூம்ல சும்மாதான் பட்துகினு இருந்தேன் ரோஸு... சும்மாதான்" என்றான்.

ஐயோ, அந்த "சும்மாதான்" இத்தனை வருஷம் கழித்தும் என்னை விட்டபாடில்லை.

இப்போது எல்லார் கையிலும் போன். நினைத்த நிமிஷத்தில் சவூதியில் இருக்கும் என் மகன் முகத்தையே பார்க்கலாம். தந்தி ஆபீசும் இல்லை, தந்தியும் இல்லை. ஆனால் போன வாரம் எனக்கு எடுத்த ஸ்கேன் ரிசல்ட்டை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. டூட்டியில் இருப்பான், வேண்டாம். சாப்பிடுகிற நேரம், வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை, அங்கே வெள்ளியும் சனியும் லீவு, ரூமில் தனியாக இருப்பான், வேண்டவே வேண்டாம்... ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம், டாக்டரும் அவசரமில்லை என்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

இதை இங்கே போஸ்ட் பண்ணிவிட்டு அவனைக் கூப்பிடுகிறேன். டூட்டியில் இருந்தாலும் பரவாயில்லை, எடுக்கட்டும்.