ஐந்து நாள், ஒரே விலை, லோகோ கிடையாது

வேலையை விட்டபோது மனைவி எனக்கு ஆறு மாதம் கெடு கொடுத்தாள். அதற்குள் சொந்தத் தொழில் காலூன்றாவிட்டால் மறுபடி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடம் மென்பொருள் எழுதியவனுக்கு ஆறு மாதம் தாராளம் என்று நினைத்தேன். திமிர்தான்.

நான் விற்றது ஒரே சரக்கு. மெதுவாகத் திறக்கும் ஆன்லைன் கடையை ஐந்து நாளில் வேகமாக்கித் தருவேன், விலை ஒன்றுதான். நான்கு மாதம் அலைந்து கிடைத்த முதல் வாடிக்கையாளர், புனேயின் ஔந்த் பகுதியில் எங்கள் அடுத்த தெருவிலிருந்து ஊறுகாய் விற்கும் அம்மையார். பெரிய படங்களைச் சுருக்கி, பயன்படுத்தாத பிளகின் துணைநிரல்களை நீக்கியதும் கடை சட்டென்று திறந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவர் அப்போதுதான் ஆரம்பித்தார். பட்டன் நிறத்தை மாற்றலாமா? கூரியர் கட்டணம் தானாக வருமா? அப்படியே ஒரு லோகோ? 'திருப்தியாகும் வரை திருத்தித் தருவோம்' என்று என் இணையப் பக்கத்தில் பெருமையாக எழுதிவைத்தவன் நானே. ஐந்து நாள் ஏழு வாரமானது. அவர் திருப்தியடைகிற வழியாக இல்லை.

"ஏனுங்க, இதுக்கு ஆபீஸே தேவலையே. அங்க ஞாயித்துக்கிழமையாச்சும் லீவு இருந்துச்சு," என்றாள் மனைவி. கெடுவும் முடியப்போகிறது. ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை நேர்காணலுக்கு ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரம் பாக்கர்வடி என்ற உள்ளூர்க் காரப் பலகாரம் வாங்கப் போனேன். மதியம் ஒன்றே கால், கடை சாத்தியிருந்தது. கதவில் மராத்தியில் பலகை: 'ஒன்று முதல் நான்கு வரை மூடியிருக்கும். மணி அடித்தாலும் மூடியிருக்கும். ருசி பார்க்கக் கொடுப்பதில்லை. வழி சொல்வதில்லை.' புனேக்காரர்களின் இந்தப் பலகைகளைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்று பொறாமைதான் வந்தது. நான்கு மணிக்கு அங்கே நீண்ட வரிசை. அதில் நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தை அழித்து எழுதினேன். ஒரு கடை, ஐந்து நாள். முன்னும் பின்னும் எத்தனை நொடியில் திறந்தது என்ற கணக்கு உண்டு. திருத்தம் ஒருமுறை. வடிவமைப்பு, லோகோ செய்வதில்லை. பணம் முன்கூட்டியே.

"இப்படி எழுதுனா எவனுங்க வருவான்?" என்றாள் மனைவி.

ஞாயிறு காலை ஒருவர் போன் செய்தார். புனேக்கு வெளியே ரஞ்சன்காவ் தொழிற்சாலைகளுக்குக் கையுறை, காலணி ஆன்லைனில் விற்கும் மராத்திக்காரர். எல்லாம் பேசி முடித்துவிட்டு, லோகோ ஒன்றும் சேர்த்துச் செய்வீர்களா என்று இந்தியில் கேட்டார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"இல்லை, செய்வதில்லை."

அவர் சிரித்தார். "படித்தேன். சும்மா கேட்டுப் பார்த்தேன். சரியென்று சொல்லியிருந்தால், என் வேலை ஐந்து நாளில் முடியாது என்று போனை வைத்திருப்பேன்."

அதோடு விடவில்லை. புதுப் படங்கள் ஏற்ற ஏற்ற மறுபடி மெதுவாகுமே, மாதாமாதம் யார் பார்ப்பது என்றார். நான் யோசித்தே பார்க்காத விஷயம். மாதம் ஒரு சோதனை, இரண்டு மணி நேரத் திருத்தம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு விலையும் சொன்னேன். ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். மனைவி நேர்காணலுக்காகத் தேய்த்து மாட்டியிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"தேச்சது வீணாப் போகவேண்டாமுங்க. நாளைக்கு அதையே போட்டுட்டு இங்கயே வேலைக்கு உக்காருங்க."