தலைப்பில் விட்டுப்போன ப்

என் அக்காள் கணவர் முப்பத்தொரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். அங்கே அவருக்குப் பெரும்புள்ளி என்று பெயர். புள்ளி விட்டுப்போன எழுத்து ஒன்றைப் பார்த்துவிட்டால் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். முதலாளி தலையில் கைவைத்துக்கொள்வார், ஆனால் நிறுத்துவார். அவர் திருத்திய புத்தகங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருந்தன. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. திருத்துகிறவர் பெயரைப் போடும் வழக்கம் அந்த அச்சகத்தில் இல்லை.

அச்சகத்திலிருந்து வெளியே வந்த வருடம், நான்தான் அவருக்கு ஒரு வீடியோ சேனல் தொடங்கிக் கொடுத்தேன். தமிழில் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்பது பொருள். முன்னறையில் ஒரு கரும்பலகை. பலகையில் எழுதுவது அக்கா, அவள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். பேசுவது அத்தான். படம் பிடிப்பது நான். ஞாயிறு காலைகளில் ஜன்னல் வெளிச்சம் பலகை மேல் சரியாக விழும் ஒரு மணி நேரம் உண்டு. அதற்குள் முடித்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்புவார்.

"அவர் வண்டிக்கும் ஒற்று மிகுது பாருங்க" என்பாள் அக்கா. அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

விளம்பர வருமானத் திட்டத்தில் சேர வேண்டும் என்று கேட்டவர் அத்தான்தான். எனக்கு ஆச்சரியம். பணம் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

"காசுக்கில்லடா. ஏத்துக்கிட்டோம்னு என் பேருக்கு ஒரு கடிதம் வரும்ல?"

விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். கடந்த முந்நூற்று அறுபத்தைந்து நாளில் நாலாயிரம் மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்திருக்கும் வீடியோக்கள் மட்டுமே கணக்கு. மறைத்து வைத்ததும் அழித்ததும் சேராது. திட்டம் நடைமுறையில் உள்ள நாடாக இருக்க வேண்டும். பட்டியலைத் திறந்து நம் நாட்டைக் கண்டுபிடித்த அன்று அத்தான் அதன் எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் மகிழ்ந்தார். என் தாளிலும் இரண்டு இடத்தில் சிவப்பு மை விழுந்தது.

சந்தாதாரர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். மணிதான் நகரவில்லை. அக்காவின் கை பலகையில் எழுதுவதை நாற்பது நொடிக் குறுவீடியோவாக நான் போட்டதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். குறுவீடியோ வரிசையில் பார்த்த நேரம் நாலாயிரம் மணியில் சேராது என்று பிறகு தெரிந்தது.

"என் கைக்கு மதிப்பில்லையாம்" என்றாள் அக்கா.

பரீட்சைக் காலத்தில் ஒரு வீடியோ மட்டும் ஓடியது. நாற்பத்திரண்டு நிமிடம். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை வரிசையாகச் சொல்வது. ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த பரீட்சை நெருங்கியபோது எங்கள் மொத்தக் கணக்கு மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. அதில் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு அந்த ஒன்றிலிருந்து வந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி சேர்ந்தது. இரண்டு வாரம் போதும். அதற்கு மேல் தாமதிக்கவும் முடியாது. மூன்று வாரத்தில் போன பரீட்சைக் காலத்து மணிகளுக்கு ஒரு வயது முடிந்து, ஒவ்வொரு நாளாக உதிரத் தொடங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் அந்த வீடியோவின் கீழே எழுதியிருந்தார்: ஐயா, தலைப்பில் ப் எங்கே?

அத்தான் வீடியோவைத் திறந்தார். பலகையின் உச்சியில், பெரிய எழுத்தில், 'எழுத்துபிழைகள்' என்று இருந்தது. நாற்பத்திரண்டு நிமிடமும் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நான்தானே எழுதினேன்" என்றாள் அக்கா. "நீங்க பாக்கலையா?"

"கீழ உள்ள வரியெல்லாம் பாத்தேன். தலைப்பப் பாக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சகத்துலயும் தலைப்புலதான் தப்பு போகும். பெருசா இருக்கறதால கண்ணு நிக்காது."

வீடியோவை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஏற்றிய படத்தின் தொடக்கத்தையோ முடிவையோ வெட்டலாம். தலைப்பை மங்கலாக்கினால் அதன் முன் நிற்கும் அவர் முகமும் மங்கிவிடும். அதே இடத்தில் வேறு படத்தை வைக்க முடியாது. புதிதாக ஏற்றினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

"ரெண்டு வாரம் பொறுங்க அத்தான். நாலாயிரம் வந்ததும் விண்ணப்பிச்சிடலாம். ஒரு மாசத்துல பாத்துச் சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் தூக்கிடலாம். இப்போதைக்குக் கீழ கருத்துப் பகுதியில ஒரு திருத்தம் எழுதி முதல்ல நிக்க வச்சிடலாம். புத்தகத்துல பிழைதிருத்தம்னு கடைசிப் பக்கம் போடறதில்லையா?"

அவர் யோசித்தார். இயந்திரத்தை நிறுத்துகிறவர் யோசிக்கிறார் என்பதே எனக்கு நம்பிக்கை தந்தது.

"போடறதுதான்" என்றார் மெல்ல. "திருத்தமே எழுதிடுவோம்."

அக்கா சாக்குக்கட்டித் தூளைப் புடவையில் தட்டிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மளிகைச் சீட்டுல ஒரு கொம்பு விட்டாலும் சிவப்பு மையால சுழிச்சுக் குடுத்த ஆளு நீங்க. கடைக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சான். இவன் கல்யாணப் பத்திரிகைய மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க. இப்ப என் தப்புக்கு மட்டும் கடைசிப் பக்கமா?"

"உன் தப்பில்ல. நான் பாத்திருக்கணும்."

"யார் தப்போ. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க அதப் பாத்து எழுதும்."

"அக்கா, அழிச்சா இத்தனை மணியும் போயிடும்."

"தெரியும்டா. ஒரு வருஷமா அந்த எண்ணைத்தானே காலையில எந்திரிச்சதும் படிக்கிறாரு."

அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்காக நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மறைத்து மட்டும் வைக்கலாமே என்றேன். அக்கா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"மறைச்சா திரும்ப எடுக்கத் தோணும். எனக்கே தோணும்."

அழிக்கும்முன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. இது நிரந்தரம், மீட்க முடியாது, புரிந்துகொண்டதாகக் கட்டத்தில் குறியிடவும். அத்தான் அதை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிழை கிடைத்தால் நிறுத்திவிடலாம் என்று தேடியதுபோல இருந்தது. பிறகு கைப்பேசியை அக்காவிடம் நீட்டினார். அவள் குறியிட்டாள்.

ஓரிரு நாளில் எண்ணிக்கை ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு ஆனது.

அடுத்த ஞாயிறு அதே பாடத்தை மறுபடி எடுத்தோம். நன்றாகவே வந்தது, முதலாவதைவிட நன்றாக. ஆனால் அது நாலு பேரை எட்டுமுன் பரீட்சை முடிந்துவிட்டது, ஆசிரியர்கள் வேறெதையோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னும் மூன்று வருடம் எடுத்தோம். ஒரு பக்கம் மணி சேரும், மறு பக்கம் உதிரும். இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டியதில்லை. கடிதம் வரவில்லை. ஒரு நாள் அத்தான் காலையில் எழுந்து எண்ணைப் பார்க்காமல் தேநீர் குடித்தார். அக்கா அதைக் கவனித்தாள்.

இப்போது அவருக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. முன்னறை என் மகளின் படிக்கும் அறை ஆகிவிட்டது. அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மறுபடி எடுத்த அந்தக் காலைதான். வெளிச்சம் பலகைக்கு வந்துவிட்டது. அக்கா முக்காலி மேல் நின்று தலைப்பை எழுதுகிறாள். அத்தான் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிக்கிறார். 'ப்' வந்ததும் நிறுத்தினார்.

"புள்ளி சின்னதா இருக்கு."

"உங்க பேரளவுக்கு வைக்கணுமா?" என்று கேட்டு, அவள் சாக்குக்கட்டியை அழுத்தி இன்னொரு முறை வைத்தாள்.