அனுப்பியாச்சு, சேரவில்லை

சகாயசெல்வியை அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே யாரையும் பிடித்ததில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் விளிக்கிறவரின் மகள். அப்பனின் குரலும் வாயும் அவளுக்கு அப்படியே வந்திருந்தன. எம்.சி.ஏ. முடித்து 2009இல் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள். பிரிவு என்றால் இரண்டே பேர்: தலைவர் ரத்தினம், அடுத்தது இவள்.

ரத்தத்தைப் பரிசோதிக்கும் லேப் கம்ப்யூட்டர் ஒன்று. வார்டு டாக்டர்கள் பார்க்கும் கம்ப்யூட்டர் இன்னொன்று. ரத்தினம் கைப்பட எழுதிய ஒரு புரோகிராம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, லேப்பில் புதிதாக வந்த முடிவுகளையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய் வார்டு பக்கம் எழுதிவிட்டுத் தூங்கும். சாதாரண நாட்களில் பழுதில்லை. 2012 ஐப்பசியில் டெங்கு வந்தது. காலை ஏழு மணிக்கு எல்லாக் கட்டிலிலும் ரத்தம் எடுத்தார்கள். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆயிரத்துக்கு மேல் முடிவுகள் குவிந்தன. வார்டு கம்ப்யூட்டரால் பதினைந்து நிமிடத்தில் நானூறு வரைதான் வாங்க முடியும். அள்ளியது பாதியில் நிற்கும். அடுத்த நேரம் வந்ததும் புரோகிராம் மறுபடி விழித்து, விட்ட இடத்தைப் பார்க்காமல், அதற்குப் பிறகு வந்ததை அள்ளத் தொடங்கும். நடுவில் உள்ளது காணாமல் போகும்.

டாக்டர்கள் லேப் தலைவி நேசபாயைப் பிடித்து ஏசினார்கள். நேசபாய் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து ரத்தினத்தை ஏசினாள். ரத்தினம் கதவை அடைத்துவிட்டு சகாயசெல்வியை ஏசினார்.

"நேரத்தை அஞ்சு நிமிசமா குறை."

"குறைச்சா ஒண்ணு முடியதுக்கு முன்ன அடுத்தது வந்து முட்டும் சார். குழாய் சின்னது, வெள்ளம் பெருசு. நடுவுல ஒரு தொட்டி வேணும்."

"என்ன தொட்டி?"

"க்யூ. லேப்பு ஒவ்வொரு முடிவையும் வந்த உடனே அதுல போட்டிட்டு தன் சோலியப் பாக்கட்டு. வார்டு தனக்கு முடிஞ்ச வேகத்துல ஒவ்வொண்ணா எடுக்கட்டு. எழுதி முடிச்சேன்னு வார்டு சொன்னப் பொறவுதான் க்யூவுல இருந்து அழியும். வார்டு கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் லேப்பு நிக்காது, ஒண்ணும் தொலையாது."

"கெட்டுப்போக இன்னொரு கம்ப்யூட்டர் கூடும், அவ்வளவுதான். நான் எட்டு வருசமா நடத்தியேன், கேட்டியா? நீ நேத்து வந்தவ."

அவள் நேரே நிர்வாகி வைகுண்டராஜனிடம் போனாள். காணாமல் போன முடிவுகளின் பட்டியலை மேசையில் போட்டாள். ஒரே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. வைகுண்டராஜன் அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து ரத்தினம் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். ஒரே அறையில் இரண்டு கெஜ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி அவள் மேசைக்கு எறிவார்.

தனி கம்ப்யூட்டர் ஒன்றில் க்யூவை அமைத்தாள். கரண்ட் போனாலும் உள்ளே கிடப்பது அழியாதபடி ஹார்டு டிஸ்க்கில் எழுதச் செய்தாள். வார்டு எழுதிவிட்டு, எழுதினேன் என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்தால் அதே முடிவு இரண்டாம் தடவையும் வரும். அதனால் சாம்பிள் எண்ணையும் பரிசோதனையையும் ஒத்துப் பார்த்து, முன்பே இருந்தால் மறுபடி எழுதாமல் விடும்படி செய்தாள். லேப் திரையில், முடிவு க்யூவுக்குள் போனதும் "அனுப்பப்பட்டது" என்று பச்சையில் காட்டினாள். மூன்று வாரம் ஒரு முடிவும் தொலையவில்லை. யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரைக்கு வார்டு கம்ப்யூட்டர் விழுந்தது. ஒன்பதே காலுக்குத்தான் எழுந்தது. லேப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. க்யூவில் தொள்ளாயிரம் முடிவுகள் காத்துக் கிடந்தன. எழுந்ததும் வார்டு ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியது. சகாயசெல்வி எண்ணிக்கை குறைவதைப் பார்த்துக்கொண்டே, எதிரே இருந்த ரத்தினத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"உம்ம புரோகிராமா இருந்தா இன்னைக்கு எல்லாம் போயிருக்கும்."

பத்து மணிக்கு நேசபாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, எட்டாம் நம்பர் கட்டில் ஆளுக்கு பிளேட்லெட் லட்சத்துல இருக்க வேண்டியது வெறும் ஒம்பதாயிரம். ஒம்பது அஞ்சுக்கு நான் பாத்து விட்டேன். உன் பச்சை எழுத்து அனுப்பியாச்சுன்னு சொல்லிச்சு. வார்டுல இப்பத்தான் வந்துதாம். முக்கால் மணிக்கூறு! அந்த ஆளு ரத்தமா வாந்தி எடுத்திட்டு கிடக்கான்."

சகாயசெல்விக்குப் புரிந்துவிட்டது. அந்த முடிவு தொலையவில்லை. அதற்கு முன்னால் வந்த எண்ணூற்றுச் சொச்சம் உப்பு, சர்க்கரை, கொழுப்பு முடிவுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. பச்சை எழுத்து சொன்னது க்யூவில் போட்டதை மட்டும்தான். டாக்டர் கையில் சேர்ந்ததை அல்ல. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது அவள்.

"நீங்க போன் பண்ணியிருக்கணும் அக்கா" என்றாள்.

"முன்ன பண்ணுவேன். இவரு புரோகிராமை நம்ப மாட்டேன், அதனால ஒவ்வொண்ணுக்கும் பண்ணுவேன். உன்னைய நம்பினேன். அதுதான் என் புத்திகேடு."

சொல்லிவிட்டு நேசபாய் வார்டுக்கு ஓடினாள்.

நோயாளி பிழைத்தார். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். விசாரணையில் ரத்தினம் முதன்முறையாக வாய் திறந்து நீளமாகப் பேசினார். வைகுண்டராஜன் க்யூவை நிறுத்தச் சொன்னார். பழைய புரோகிராம் திரும்ப வந்தது. நான்காம் நாள் காலையில் நூற்று நாற்பது முடிவுகள் காணாமல் போயின. அவற்றில் இரண்டு அவசர முடிவுகள். நேசபாய் போன் செய்திருந்ததால் தப்பின. வைகுண்டராஜன் நேசபாயையும் ரத்தினத்தையும் உட்காரவைத்துக்கொண்டு சகாயசெல்வியைக் கூப்பிட்டார்.

"திரும்ப வைக்கணும்னா என்ன செய்வ?"

"ரெண்டு க்யூ வைப்பேன் சார். ஆபத்தான முடிவு தனி வரிசை, அதை வாங்க வார்டுல தனி புரோகிராம். மத்ததுக்குப் பொறத்தால நிக்காது. வார்டு எழுதினேன்னு சொல்லியது வரைக்கும் திரையில 'வரிசையில்'னு மஞ்சள்ல நிக்கும். சேர்ந்தப் பொறவுதான் பச்சை. நூறுக்கு மேல காத்துக் கிடந்தா எங்க மூணு பேருக்கும் எஸ்.எம்.எஸ். வரும்." நேசபாய் பக்கம் திரும்பி, "போன் பண்ணியதையும் நிறுத்தப்பிடாது. அந்தப் பச்சை எழுத்து என் தப்பு" என்றாள்.

தப்பு என்று அவள் சொன்னதை நேசபாயும் ரத்தினமும் கேட்டார்கள். ரத்தினம் சிரித்தார். நேசபாய் சிரிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள், லேப்புக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவே வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கிறிஸ்துமஸ் கேக் கூட இவள் மேசையைத் தாண்டி ரத்தினத்துக்குப் போகும். அவள் சொன்னபடி வைத்த இரண்டு க்யூவும் மட்டும் ஓடின.

2015இல் தரச்சான்றுக் குழு வந்தது. ரத்தினம் கோட்டு போட்டுக்கொண்டு, "இது எங்க பிரிவு உண்டாக்கின அமைப்பு" என்று விளக்கினார். குழுவில் இருந்த அம்மையார் கேட்டார்: "ஒரு க்யூ போதாதா? ஏன் இரண்டு?"

ரத்தினம் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் சகாயசெல்வியைப் பார்த்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவள் பெயரைச் சொன்னார்.

"செல்வி, நீ சொல்லு."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். மூடியைத் திருகினாள். அறையில் இருந்த ஆறு பேரும் காத்திருந்தார்கள். ரத்தினத்தின் நெற்றியில் வியர்வை பொடித்தது. அதை நன்றாகப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்து, எட்டாம் நம்பர் கட்டில் நோயாளியின் கதையைத் தன் தப்பையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள்.