முட்டியோடு நின்ற படங்கள்

இணையத்தில் துணி விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் பொம்மனஹள்ளி ஸ்டுடியோவில் மோனிகாவுக்குப் பதினொரு வருஷம். ஒப்பந்தம் ஆண்டுக்காண்டு புதுப்பிப்பார்கள். மார்ச் பாதி தாண்டியும் இந்த முறை கையெழுத்து விழவில்லை.

எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிச் சட்டத்துக்குள் அடக்குவதுதான் அவள் வேலை. முட்டி, கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு இவற்றில் கத்தி வைக்கவே மாட்டாள். மூட்டு என்பது உடம்பே ஓர் இடைவெளி விட்டு நிற்கும் இடம். படத்தின் ஓரமும் அங்கேயே வந்து விழுந்தால், அத்தோடு கால் தீர்ந்தது என்று கண் முடிவு கட்டிவிடும். தொடை நடுவிலோ கெண்டைக்கால் நடுவிலோ வெட்டினால் அப்படியில்லை. மிச்சக் கால் வெளியே இருக்கிறது என்று கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

புது மேனேஜர் சந்திரசேகரனுக்கு இதெல்லாம் வீண் நேரம். முட்டி வரைக்கும் வரும் குர்த்தி சட்டத்தை நிறைத்துத் தெரிய வேண்டுமென்று, கேமராக்காரர் நாணுவிடம் படத்தை முட்டியோடு நிறுத்தி எடுக்கச் சொல்லிவிட்டான்.

"சார், நாணு அண்ணா கேமராவுலயே முட்டியோட நிறுத்திட்டாரு. கீழ ஒண்ணுமே இல்ல. நா எங்க வெட்றது?"

"வெட்டவே வேணாங்க்கா. வேல மிச்சம்தான, என்ஜாய் பண்ணுங்க!"

நாணுவும் சிரித்தார்.

அறுநூறு படமும் நாலே நாளில் துணிக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. பொண்ணுங்களுக்குக் காலே இல்லாத மாதிரி இருக்கு என்று எழுதியிருந்தார்கள்.

"கிராப்பிங், வெட்றதெல்லாம் உங்க டேபிள்தானக்கா?" என்றான் சந்திரசேகரன்.

"நா சொன்னேனே சார்."

"மெயில்ல போட்டீங்களா?"

போடவில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு யார் மெயில் போடுவார்கள்?

தொடை நடுவில் வெட்டிப் பார்த்தாள்; குர்த்தியின் சரிகை பார்டர் போனது, விற்பதே அந்த பார்டருக்குத்தான். கீழே இறங்க வழியில்லை, எடுக்காத காலை எங்கிருந்து கொண்டுவருவது? மறுபடி எடுக்கலாமென்றால் துணியெல்லாம் குடோனுக்குத் திரும்பிவிட்டது.

சந்திரசேகரன் ஒரு சாஃப்ட்வேரில் படங்களைப் போட்டான். ஒரு மணி நேரத்தில் அத்தனை முட்டிக்குக் கீழேயும் கெண்டைக்கால் முளைத்துவிட்டது.

"இந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் வலப்பக்கம் சார், கால்ல மட்டும் இடப்பக்கம் விழுது."

"யாரு பாக்கப் போறாங்க?"

யாரும் பார்க்கவில்லை. சாயந்திரமே படங்கள் பாஸாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டான். "இந்த வருஷம் வேணாம்னு மேல சொல்லிட்டாங்கக்கா. என் கைல இல்ல." ஒரு வெள்ளைப் பேப்பரை அவள் பக்கம் நகர்த்தினான். "எங்கெங்க வெட்டக் கூடாதுன்னு இதுல எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். அந்த சாஃப்ட்வேர்ல ஃபீட் பண்ணிக்கிறோம்."

எழுதாமல் போயிருக்கலாம். ஆனால் அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்தான். மோனிகா பேப்பரை இழுத்து வைத்துக்கொண்டு கழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.