மணி அடிப்பதை நிறுத்திய மாமி

போன வருடம் துர்கா பூஜை விடுமுறை முடிந்த சமயம். கொல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அட்டெண்டராக இருக்கிறேன். பூஜைக்கு ஊருக்குப் போன ஆயாக்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. புது ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்ததுதான் மிச்சம். பகலில் மாடி முழுவதற்கும் நான் ஒருத்திதான்.

அங்கே ஒரு தமிழ் மாமி இருந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், ஆனால் புத்தி கத்தி மாதிரி. இரண்டு பேர் தாங்கினால் வாக்கரைப் பிடித்துப் பாத்ரூம் வரை நடந்துவிடுவார். ஒருத்தியாக எழுப்பி அவர் விழுந்துவிட்டால் மறுபடி எலும்பு முறியும். அதனால் தனியாக எழுப்பக் கூடாது என்று கண்டிப்பு.

பாத்ரூம் போக அவர் கட்டிலருகே இருக்கும் மணியை அடிக்கும்போது நான் இன்னொருவருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பேன். பாதியில் விட்டு ஓட முடியுமா? கடைசியில் மாமிக்கு டயப்பர் கட்டச் சொன்னார் இல்லத்தின் பொறுப்பாளர் தீதி; இங்கே அக்காவைத் தீதி என்றுதான் கூப்பிடுவோம். மாமி மாட்டேன் என்றார். உங்கள் பாஷையில் நீயே சொல்லிப் புரியவை என்று தீதி என்னை அனுப்பினார். இந்தத் தமிழ் அதற்குத்தானா உதவ வேண்டும்!

“மாமி, அதிலேயே போயிடுங்க. நான் வந்து மாத்திடறேன்.”

மாமி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டயப்பரைக் கட்டிவிட்டேன்.

மாற்றவும் நேரத்துக்குப் போக முடியவில்லை. தோல் சிவந்துபோனது. பிறகு அவர் மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார். பழகிவிட்டார் என்று தீதிக்கு நிம்மதி. பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

ஒருநாள் மதியம் தட்டு எடுக்கப் போனேன். காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. மாமியின் உதடு வெடித்திருந்தது. டயப்பர் காய்ந்து கிடந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

“குடிச்சாத்தானே போகணும்? நீயும் ஒருத்திதானே, எத்தனை பேரைத்தான் பார்ப்பே.”

கெஞ்சி இரண்டு வாய் குடிக்க வைத்துவிட்டு, கீழே போய்த் தீதியிடம் கத்தினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தார் அவர். முதலாளியிடம் ஆள் கேட்டால் பார்க்கலாம் என்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று அழுதார். அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது?

டாக்டரை வரவழைத்தார் தீதி. அதற்குள் மாமிக்குக் குளிர் ஜுரம் கண்டு, பேச்சு குழறிவிட்டது. சிறுநீரில் தொற்று, ரத்தம் வரை ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாமி திரும்பி வரவில்லை. அவருடைய வாக்கரை வேறொருவர் கட்டிலருகே வைத்திருக்கிறோம்.

இன்னும் ஆள் போடவில்லை. இப்போதெல்லாம் கேட்காமல் சும்மா படுத்திருப்பவரிடம்தான் முதலில் தண்ணீரோடு போகிறேன். அப்படிப் போகிற ஒவ்வொரு முறையும், மணி அடித்துக்கொண்டிருக்கும் வேறு யாரையோ காக்க வைத்துவிட்டுத்தான் போகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.